கண்ணுக்குக் கீழே பொடிப் புடைப்புகள்

வியர்வையைத் தோலின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும் நுண்ணிய குழாயிலிருந்து வளரும் சிறு கட்டிக்கு சிரிங்கோமா என்று பெயர். இது பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது. கீழ் இமையிலும், அதையொட்டிக் கன்னத்தின் மேல்பகுதியிலும், இரண்டு கண்களுக்கும் கீழே ஏறக்குறைய ஒரே மாதிரி காணப்படும். ஒவ்வொரு புடைப்பும் 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். தோலின் நிறத்திலோ, அதைவிடச் சற்று மஞ்சளாகவோ, மாநிறத்தவருக்கு லேசான பழுப்பாகவோ தெரியும். மேற்பகுதி கொஞ்சம் தட்டையாக இருக்கும். விரலால் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும். சிலருக்கு நாலைந்து மட்டும் இருக்கும். சிலருக்கு இமையின் உள்மூலையிலிருந்து வெளிமூலை வரை நெருக்கமாகப் பரவியிருக்கும். அரிப்பு, வலி, எரிச்சல் எதுவும் பொதுவாக இருப்பதில்லை.

பூப்பெய்தும் வயதை ஒட்டி ஒன்றிரண்டு தோன்றுவதும், இருபது, முப்பது வயதுகளில் எண்ணிக்கை மெல்லக் கூடுவதும், பிறகு பல ஆண்டுகள் அப்படியே நின்றுவிடுவதும் இதன் வழக்கம். பரு என்று நினைத்துப் பருவுக்கான களிம்பைப் பூசுவார்கள், போகாது. கொழுப்பு என்று யாராவது சொல்ல, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துவார்கள், அதற்கும் போகாது. மாதக்கணக்கில் எதற்கும் அசையாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான், இது வேறு ஏதாவது பெரிய நோயின் அறிகுறியோ என்ற பயம் வரும். அந்தப் பயம் தேவையற்றது. அதற்கான காரணம் இந்தக் கட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

மனித உடலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை எக்ரைன் என்ற வகையைச் சேர்ந்தவை. உடல் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் போன்ற வியர்வையைச் சுரப்பவை. ஒவ்வொரு சுரப்பியும் தோலின் ஆழத்தில் ஒரு நூல் உருண்டையைப் போலச் சுருண்டு கிடக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் நேராக மேலே ஏறி, தோலின் மேலடுக்கைத் திருகலாகத் துளைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத சிறு துளை வழியாக வெளியே திறக்கிறது. இந்தக் குழாயின் சுவரில் இரண்டே வரிசை செல்கள்தான் உண்டு. அதன் மேற்பகுதியின் செல்கள் ஓரிடத்தில் தேவைக்கு அதிகமாகப் பெருகி, சின்னச் சின்னக் குழாய்களாகவும் இழைகளாகவும் கிளைத்து நிற்பதுதான் சிரிங்கோமா.

அதை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் தோன்றும் காட்சி, தோல் நோய்க்குறியியல் படிக்கும் மாணவர்கள் முதல் பாடங்களிலேயே கற்றுக்கொள்ளும் ஒன்று. இளஞ்சிவப்பான நார்த்திசுவின் நடுவே குட்டிக் குட்டி வட்டங்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி இரண்டு வரிசை செல்கள் ஒழுங்காக அமர்ந்திருக்கும். சில வட்டங்களின் ஒரு பக்கத்தில் மட்டும் செல்கள் நீண்டு வால் போல் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் அவற்றைத் தலைப்பிரட்டை வடிவம் என்று குறிப்பிடுகிறார்கள். இந்தக் காட்சியே வெளியில் தெரியும் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. சுற்றிலும் நார்த்திசு இருப்பதால் தொட்டால் கெட்டியாக இருக்கிறது. நிறமியோ, தேங்கிய இரத்தமோ, சீழோ இல்லாததால் தோலின் நிறத்திலேயே இருக்கிறது. பிதுக்கினால் வெளியே வருவதற்கு உள்ளே எதுவும் அடைபட்டிருக்கவில்லை. அது முழுக்க முழுக்கத் திசு. அதனால்தான் நகத்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் வராமல் தோல் மட்டும் கன்றிச் சிவக்கிறது.

மருத்துவர்களுக்கே இதன் பிறப்பிடம் உடனே பிடிபட்டுவிடவில்லை. வியன்னாவின் புகழ்பெற்ற தோல் மருத்துவர் காப்போசி 1872இல் இதை விவரித்தபோது, நிணநீர்க் குழாய்களிலிருந்து வருவதாகக் கருதினார். 1887இல் பிரான்சில் ஜாக்கே, டாரியே இருவரும் இதை வியர்வைச் சுரப்பியோடு இணைத்தார்கள். 1960களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் நொதிச் சாயங்களும் வந்த பிறகுதான், சுரப்பியின் எந்தப் பகுதியிலிருந்து இது கிளம்புகிறது என்பது தெளிவானது. சுரக்கும் பகுதியிலிருந்து அல்ல, வியர்வையைக் கடத்தும் குழாயிலிருந்து என்று உறுதிப்பட்டது.

சிரிங்கோமா தீங்கற்றது என்று சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. ஒரு கட்டி புற்றுநோயாக நடந்துகொள்ள வேண்டுமென்றால் சில குணங்கள் அதற்கு வேண்டும். செல்கள் நிற்காமல் பிரிய வேண்டும். தம் எல்லையை மீறிப் பக்கத்துத் திசுவைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். நரம்பைச் சுற்றியோ இரத்தக் குழாய்க்குள்ளோ நுழைந்து வேறிடம் போகும் திறன் வேண்டும். சிரிங்கோமாவின் செல்களைப் பார்த்தால், எல்லாம் ஒரே அளவில், ஒரே வடிவில், உட்கரு சிறிதாக இருக்கும். பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. கட்டி தோலின் நடு அடுக்கான உட்தோலின் மேல்பாதியிலேயே நின்றுவிடும்; கீழே இருக்கும் கொழுப்பைத் தொடுவதில்லை; நரம்பை அணுகுவதில்லை. 2 மில்லிமீட்டருக்கு வளர்ந்து, அங்கேயே நின்று, முப்பது நாற்பது ஆண்டுகள் அதே அளவில் இருந்துவிடுகிறது. இப்படி நிற்பதே அதன் குணத்துக்குச் சிறந்த சான்று.

பார்வைக்கும் இதனால் பாதிப்பில்லை. கண் விழிக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. இது இமைத் தோலுக்குள் மட்டும் இருப்பது. அந்த இடத்தில் வியர்ப்பதும் நின்றுவிடுவதில்லை, ஏனென்றால் பாதிக்கப்படாத சுரப்பிகள் சுற்றிலும் ஏராளம். இது கிருமியால் வருவது அல்ல. ஆகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ, முகத்தோடு முகம் வைத்துக் குழந்தையைக் கொஞ்சுவதாலோ பரவாது. அம்மாவுக்கும் மகளுக்கும் இருந்தால் அது மரபு வழியாக வந்தது. சில குடும்பங்களில் தலைமுறை தோறும் வருவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது.

மருத்துவ அறிக்கையில் ‘ட்யூமர்’, ‘அடினோமா’ போன்ற சொற்களைப் பார்த்ததும் பலர் இடிந்துபோகிறார்கள். திசு அளவுக்கு மேல் பெருகியிருக்கிறது என்பதைத் தாண்டி அந்தச் சொற்கள் இங்கே எதையும் சொல்வதில்லை. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டும், கையில் உருளும் கொழுப்புக் கட்டியும்கூட அதே கணக்கில்தான் வருகின்றன.

பெண்களுக்கு ஏன் அதிகம் என்ற கேள்விக்கு ஹார்மோன்கள்தான் முதல் விடை. பூப்பெய்தும் வயதில் தோன்றுவது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சற்றுப் பெரிதாகத் தெரிவது, கர்ப்ப காலத்தில் எண்ணிக்கை கூடுவது என்று சில பெண்கள் சொல்வதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். இந்தக் கட்டிகளை ஆராய்ந்தபோது, சிலவற்றின் செல்களில் பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருப்பது தெரியவந்தது. எல்லாக் கட்டிகளிலும் அவை இல்லை. எனவே ஹார்மோன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஹார்மோன் அளவு தாறுமாறாக இருக்கிறது என்பதற்கு இது அடையாளம் அல்ல. இதற்காகத் தைராய்டு, கர்ப்பப்பை, சினைப்பை என்று பரிசோதனைகளுக்கு அலைய வேண்டியதில்லை. இயல்பான அளவு ஹார்மோனுக்கே சிலரது வியர்வைக் குழாய் இப்படிப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். கோடையில் வியர்க்கும்போது புடைப்புகள் கொஞ்சம் எடுப்பாகத் தெரிவதும், குளிர்காலத்தில் அடங்குவதும் உண்டு.

இரண்டு நிலைகளோடு மட்டும் இதற்கு உறவு இருப்பது உறுதியாகத் தெரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட மிக அதிகமாக வருகிறது. செல்களுக்குள் கிளைகோஜன் சேர்ந்து, நுண்ணோக்கியில் வெளிறித் தெரியும் ஓர் அரிய வகை, சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. திசுப் பரிசோதனையில் அந்த வகை என்று வந்தால் மருத்துவர் ஒருமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லக்கூடும். வழக்கமான வகைக்கு அதுவும் வேண்டாம்.

இமைக்கு வெளியேயும் சிரிங்கோமா வரும். பதின்வயதில் கழுத்தின் முன்புறம், மார்பு, அக்குள், வயிறு என்று கூட்டம் கூட்டமாகத் தோன்றும் வகை ஒன்று உண்டு. பார்ப்பவர் வைரஸ் மருவென்றோ, வேறு தோல் நோயென்றோ மயங்குவார்கள். பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் வரும் வகை, மற்றவற்றைப் போலன்றி நன்றாக அரிக்கும். கோடையிலும் மாதவிடாய்க் காலத்திலும் அரிப்பு கூடும். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, பூஞ்சைத் தொற்றுக்கான களிம்பைப் பல மாதங்கள் பூசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இந்த இரண்டு வகைகளும் தீங்கற்றவையே. ஆனால் பார்வையால் மட்டும் உறுதிசெய்வது கடினம் என்பதால், சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது நல்லது.

கண்ணைச் சுற்றி வரும் எல்லாப் புடைப்பும் சிரிங்கோமா ஆகாது. அதிகம் குழப்புவது மிலியா. இதுவும் கண்ணுக்குக் கீழே, இதே அளவில்தான் வரும். ஆனால் மிலியா பளிச்சென்ற வெள்ளையாக, உருண்டையாக, தோலுக்குள் ரவை பதிந்தது போல இருக்கும். அது கெரட்டின் அடைத்த மிகச் சிறிய பை. மருத்துவர் நுண்ணூசியால் மேல்தோலைக் கீறினால் வெள்ளை மணி முழுசாக வெளியே வந்துவிடும், இடம் சமமாகிவிடும். சிரிங்கோமாவில் அப்படி வருவதற்கு எதுவும் இல்லை. மிலியா என்று நினைத்து சிரிங்கோமாவை ஊசியால் குத்துவதுதான் அழகு நிலையங்களில் அடிக்கடி நடக்கும் பிழை.

சாந்தலாஸ்மா வேறு. இமையின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, மஞ்சள் நிறத்தில் மிருதுவான தட்டையான திட்டாகப் படரும். தனித்தனிப் புடைப்பாக இருக்காது. அதில் கொழுப்புச் சத்து சேர்ந்திருப்பது உண்மை. அது உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தக் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் பரிசோதித்துக்கொள்வது அவசியம். கண்ணுக்குக் கீழே புடைப்பு என்றாலே கொலஸ்ட்ரால் என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். நம்மவர் முகங்களில் கன்னமெங்கும் கறுப்பாக, சிறு மரு போல வருபவை இன்னொரு வகை. அவையும் தீங்கற்றவை, நிறத்தாலேயே வேறுபடுத்திவிடலாம். வைரஸால் வரும் தட்டை மரு, சொறிந்த கோட்டின் வழியே வரிசையாகப் பரவும். சில வாரங்களிலேயே பெருகும். அந்த வேகம் சிரிங்கோமாவுக்கு இல்லை.

தவறவிடக் கூடாதவையும் உண்டு. இமையில் வரும் புற்றுநோய்களில் பேசல் செல் கார்சினோமா எனும் வகை கீழ் இமையைத்தான் அதிகம் பிடிக்கிறது. அது பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களுக்கு, ஒரு பக்கம் மட்டும், ஒற்றைக் கட்டியாக வரும். முத்துப் போல மினுக்கும் ஓரமும், நடுவில் குழியும், தொட்டால் இரத்தக் கசிவும், ஆறாத புண்ணும் அதன் அடையாளங்கள். அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். இரண்டாவது, மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற மிக அரிய புற்று. 1982இல்தான் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். இதன் மேற்பகுதி நுண்ணோக்கியில் சிரிங்கோமாவைப் போலவே, வால் வைத்த வட்டங்களோடு இருக்கும். ஆனால் கீழே போகப் போக இழைகள் கொழுப்பையும் தசையையும் துளைத்து, நரம்பைச் சுற்றிப் படரும். மேலோட்டமாகச் சுரண்டி எடுத்த துண்டை வைத்து முடிவு சொன்னால் ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது. நல்வாய்ப்பாக, வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. இந்தப் புற்று மேல் உதடு, மூக்கோரம், கன்னம் போன்ற இடங்களில் ஒற்றைத் தடிப்பாக, ஒரு பக்கத்தில் மட்டும், ஆண்டுக்கணக்கில் மெல்ல அகன்றுகொண்டே போகும். சிலருக்கு அங்கே மரத்துப்போகும். இரண்டு கண்களுக்கும் கீழே சமமாக, பல வருடங்களாக, பொடிப் பொடியாக இருக்கும் புடைப்புகளுக்கு இந்தச் சந்தேகம் எழுவதே இல்லை.

மருத்துவர் இதை எப்படி முடிவு செய்கிறார் என்பதை ஒரு வழக்கமான நோயாளியை வைத்துப் பார்க்கலாம். 36 வயதுப் பெண். 20 வயதில் இடது கண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று புடைப்புகள். அடுத்த ஆண்டே வலது பக்கமும். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எண்ணிக்கை கூடியது. இப்போது இரண்டு பக்கமும் சேர்த்து இருபதுக்கு மேல். அரிப்பு இல்லை, வலி இல்லை. அம்மாவுக்கும் கொஞ்சம் உண்டு. மருத்துவர் நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிறார். இமைத் தோலை விரலால் லேசாக இழுத்து விரிக்கும்போது புடைப்புகள் மறையாமல் தனித்தனியாக நிற்கின்றன. வெள்ளை மணி எதுவும் இல்லை, புண் இல்லை, இமை முடி சரியாக இருக்கிறது. கழுத்தையும் மார்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். இவ்வளவே போதும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் மட்டும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத் துளைக்கருவியால் ஒரு புடைப்பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். இந்தப் பெண்ணுக்கு அதற்கும் அவசியம் எழவில்லை.

இனி அந்தப் பெண் கேட்பது, இதை எடுத்துவிட முடியுமா என்பது. முடியும். ஆனால் மருத்துவர்கள் இங்கே தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. புடைப்பு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தாலும் அதன் பெரும்பகுதி உட்தோலுக்குள் இருக்கிறது. மேலோட்டமாகப் பொசுக்கினால் அடிப்பகுதி மிஞ்சி, சில மாதங்களிலோ வருடங்களிலோ அதே இடத்தில் மறுபடி எழும். அடிவரை எடுக்க முயன்றால் உட்தோல் சேதமாகித் தழும்பு விழும். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான்; அங்கே தப்புவதற்கு இடமே கிடையாது. மிக ஆழமாகப் போய்விட்டால் தழும்பு சுருங்கிக் கீழ் இமையை வெளிப்பக்கமாக இழுத்துவிடக்கூடும். ஆக, முழுசாகவும் போக வேண்டும், தடமும் தெரியக் கூடாது என்ற இரண்டையும் ஒருசேரப் பெறுவது கடினம். நல்ல கையில் கிடைப்பது, புடைப்புகள் தட்டையாகி எளிதில் கண்ணில் படாமல் போவதுதான். அதை முன்பே தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் இல்லை.

வழக்கத்தில் உள்ள முறைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, முடியளவு மெல்லிய ஊசிமுனை வழியாகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தி ஒவ்வொரு புடைப்பையும் உலர்த்துவது. இன்னொன்று, கார்பன் டையாக்சைடு லேசரால் அடுக்கடுக்காக ஆவியாக்குவது. எர்பியம் லேசர், ரேடியோ அலைக் கருவி, கூர்மையான கத்தரிக்கோலால் நறுக்குவது ஆகியவையும் உண்டு. வைட்டமின் ஏ வகைக் களிம்புகளால் பெரிய பலன் கிடைப்பதில்லை. எந்த முறையானாலும் முதலில் மரத்துப்போகும் களிம்பு பூசி, சில வேளை ஊசியும் போடுவார்கள். இமையருகே லேசர் வைக்கும்போது கண்ணுக்குள் உலோகக் கவசம் பொருத்துவது கட்டாயம். பிறகு பொருக்குத் தட்டி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் உதிரும். அதைப் பிய்த்தால் குழி விழும். சிவப்பு அடங்கப் பல வாரங்கள் ஆகும்.

நம் தோலுக்கு இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் இருக்கும் தோல், எந்தக் காயத்துக்கும் கூடுதல் நிறமியைச் சுரந்து பதில் சொல்லும். முகப்பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுப்பாக நிற்பது இதனால்தான். புடைப்பை எடுத்த இடத்திலும் அதேதான் நடக்கிறது. தோலின் நிறத்தில் யார் கண்ணிலும் படாமல் இருந்த இருபது புடைப்புகள், இருபது கறுப்புப் புள்ளிகளாக மாறி எல்லோருக்கும் தெரியத் தொடங்கும். பெரும்பாலும் மங்கிவிடும், ஆனால் பல மாதங்கள் எடுக்கும். சிலருக்கு நேர்மாறாக வெளிறிய புள்ளி தங்கிவிடும். வெள்ளைத் தோலில் எடுத்த முன்-பின் படங்களைக் காட்டி வரும் விளம்பரங்களில் இந்த வேறுபாடு சொல்லப்படுவதில்லை.

ஆகவே அனுபவமுள்ள மருத்துவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கமாட்டார். மேலே சொன்ன பெண்ணுக்கு அவர் செய்யக்கூடியது இது. கண்ணின் வெளிமூலைப் பக்கம், அதிகம் தெரியாத இடத்தில் மூன்றே மூன்று புடைப்புகளை மட்டும் குறைந்த அளவு மின்சாரத்தால் உலர்த்துகிறார். பொருக்கு உதிர்ந்த பின் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவும், சன்ஸ்கிரீன் பூசவும் சொல்கிறார். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து வரச் சொல்லி, அந்த மூன்று இடங்களும் எப்படி ஆறியிருக்கின்றன என்று பார்க்கிறார். தோல் சமமாகி, நிறம் திரும்பிக்கொண்டிருந்தால் மற்றவற்றைச் சிறு சிறு தொகுதிகளாக, இடைவெளி விட்டு எடுக்கலாம். கறுப்பு அழுத்தமாக விழுந்திருந்தால், இந்தத் தோலுக்கு இந்தச் சிகிச்சை ஒத்துவராது என்பது மூன்று புள்ளிகளின் விலையில் தெரிந்துவிடுகிறது. முழு முகமும் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இப்படிச் சோதித்துப் பார்க்காமல், முதல் நாளே எல்லாவற்றையும் நீக்கித் தருவதாகச் சொல்லுமிடத்தில் கவனமாக இருப்பது நல்லது.

எதுவும் செய்யாமல் விடுவதும் முழுமையான, மருத்துவர்களே பரிந்துரைக்கும் தீர்வுதான். இது தானாக மறைவது அரிது, ஆனால் மோசமாவதும் இல்லை. நெருங்கி நின்று, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது மட்டுமே அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடிக்கு முன் ஒரு சாண் தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில் பாதிகூட எதிரில் நின்று பேசுபவருக்குத் தெரியாது.

உண்மையான கெடுதல் வருவது வேறு வழிகளில்தான். மருவுக்குச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது தோலை வெந்துபோகச் செய்யும் காரம். இமைக்குக் கீழே வைத்தது வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் போனால் கருவிழி வெந்து பார்வையே பறிபோகலாம். மரு நீக்கும் ஆசிட் திரவங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அடுத்தது, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்பு. அது சிரிங்கோமாவை ஒன்றும் செய்யாது. ஆனால் மாதக்கணக்கில் பூசினால் இமைத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடவும், புரை வளரவும் வாய்ப்புண்டு. ஊசியால் குத்துவது, நூல் கட்டி இறுக்குவது, நகத்தால் கிள்ளுவது எல்லாம் சீழையும் தழும்பையும் மட்டுமே மிச்சம் வைக்கும்.

கண்ணுக்குக் கீழே இப்படிப் புடைப்புகள் இருப்பவர்கள் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, இமை முடி உதிர்ந்தாலோ, அந்த இடம் மரத்துப்போனாலோ தாமதிக்காமல் மறுபடி காட்டுங்கள். சுண்ணாம்பையும் ஆசிடையும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.